மேசை டிராயரில் விட்டுச் செல்லும் குறிப்பு: அடுத்து வரும் எழுத்தருக்கு எழுதுவது எப்படி

முதல் வேலையில் சேர்ந்த அன்று டிராயரைத் திறந்தால் ஒரு துண்டுத் தாள் கிடந்தது. "எல்லா விவரமும் கோப்புகளில் உள்ளன" என்று ஒரே வரி. பீரோவில் இருநூறுக்கு மேல் கோப்புகள். எனக்கு முன்னால் இருந்தவர் பொய் சொல்லவில்லை. எந்தக் கோப்பை முதலில் திறப்பது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மேசைகளை விட்டு வந்திருக்கிறேன், மூன்றிலும் குறிப்பு எழுதி வைத்தேன். முதல் குறிப்பு பதினான்கு பக்கம். எனக்குப் பின் வந்தவர் அதை இரண்டாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. என்னென்ன வேலைகள் என்று எழுதியிருந்தேனே தவிர, எந்த வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதவில்லை. கீழே இருப்பது மூன்றாம் முறை செய்த விதம். படிகளை இந்த வரிசையில் செய்தால்தான் நேரம் மிச்சமாகும்.

1. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே சேகரிக்கத் தொடங்குங்கள்

உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். பழகிய வேலையைக் கை தானாகச் செய்துவிடுவதால், அதை ஒரு வேலையாகவே மனம் கணக்கில் வைப்பதில்லை. அதனால் ஒரு சின்ன நோட்டை மேசை மேலேயே வைத்துக்கொண்டு, யோசிக்காமல் பழக்கத்தில் செய்த ஒவ்வொன்றையும் அப்போதே ஒரு வரி எழுதுங்கள். "கடிதத்துக்கு எண் போடும் முன் பழைய பதிவேட்டைப் பார்த்தேன்" என்பது கூட ஒரு வரிதான்.

யாராவது வந்து உங்களிடம் ஒன்று கேட்டால் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே ஆள் அதே கேள்வியோடு நாளைக்குப் புதியவர் முன்னால் வந்து நிற்பார்.

ஒரு மாதம் என்று சொல்வதற்குக் காரணம், அலுவலக வேலை பெரும்பாலும் மாதச் சுற்றில் ஓடுவதுதான். மாதத் தொடக்கம், நடு, கடைசி மூன்றும் ஒரு தடவை உங்கள் கண் முன்னால் வந்து போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைகள் இந்த நோட்டில் சிக்காது. அவற்றுக்கு, நீங்கள் கடந்த பன்னிரண்டு மாதங்களில் அனுப்பிய கடிதங்களின் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். உரிமம் புதுப்பித்தல், பராமரிப்பு ஒப்பந்தம், ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு எல்லாம் அங்கே தேதியோடு கிடைக்கும்.

ஒரு வாரம்தான் அவகாசம் என்றால் நோட்டை விட்டுவிட்டு நேராகப் பதிவேட்டுக்குப் போங்கள்.

2. டிராயருக்குள் போகக் கூடாதவற்றை முதலில் பிரித்துவையுங்கள்

எழுதத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். எழுதிய பிறகு பிரிப்பது கஷ்டம்.

கடவுச்சொற்கள் இந்தக் குறிப்பில் வரவே கூடாது. டிராயரை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். கணினிக் கணக்குகளுக்கு, எந்தக் கணக்கு எதற்கு, புதியவர் பெயருக்கு மாற்றித் தர யாரிடம் கேட்க வேண்டும், இந்த இரண்டையும் எழுதினால் போதும். உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனால், நீங்கள் போன பிறகும் உங்கள் பெயரிலேயே பதிவுகள் ஏறிக்கொண்டிருக்கும். பின்னால் ஏதாவது தவறு என்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சாவிகள், முத்திரைகள், பணம், காசோலைப் புத்தகம் ஆகியவை கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டியவை. அவற்றுக்குத் தனிப் பட்டியல், இரண்டு பிரதிகள், கொடுத்தவர் வாங்கியவர் இருவர் கையெழுத்து. உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும். டிராயர் குறிப்பில் "சாவிகள் இன்ன தேதியில் இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டன" என்ற ஒரு வரி போதும்.

ஒருவரைப் பற்றிய உங்கள் மனத்தாங்கலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அதற்கு ஏழாம் படியில் வருகிறேன்.

3. முதல் பக்கத்தை முதல் நாள் காலைக்காக எழுதுங்கள்

புதியவர் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் நடக்கப்போவதை நினைத்துப் பாருங்கள். தபால் வரும். தொலைபேசி அடிக்கும். ஒருவர் வந்து "அந்தக் கையெழுத்து ஆயிற்றா?" என்பார். அவர் எந்தக் கையெழுத்தைக் கேட்கிறார் என்பது கூடப் புதியவருக்குத் தெரியாது.

அதனால் முதல் பக்கத்தில் மூன்றே விஷயங்கள். தபால் எத்தனை மணிக்கு வரும், வந்ததும் எந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும், அடுத்த எண் எங்கிருந்து தொடர வேண்டும் என்பது ஒன்று. இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டியவை எவை என்பது இரண்டு. சந்தேகம் வந்தால் முதலில் யாரிடம் கேட்பது என்பது மூன்று. மேசையின் வேலை வரலாறு, அமைப்பு, பிரிவுகளின் பட்டியல் எல்லாம் அன்று காலை அவருக்குத் தேவைப்படாது.

4. நிலுவைப் பக்கம்: அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்

முடிந்த வேலை கோப்பில் இருக்கிறது. தொடங்காத வேலை கோப்பே ஆகவில்லை. பாதியில் நிற்பதுதான் புதியவரைக் கவிழ்க்கும், ஏனென்றால் அதன் மீதிப் பாதி உங்கள் தலைக்குள் இருக்கிறது. தொலைபேசியில் பேசி முடித்தது, நேரில் ஒப்புக்கொண்டது, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளி வைத்தது எதுவும் தாளில் இல்லை.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். நகல் இயந்திரத்துக்கு மை உருளை வாங்கிய பில். பெரும்பாலானவர்கள் எழுதுவது இப்படி:

*"நகல் இயந்திரப் பில் நிலுவையில் உள்ளது. உடனே கவனிக்கவும்."*

புதியவர் கோப்பைத் திறக்கிறார். உள்ளே இரண்டு பில்கள். எண் 218, தொகை 6,400. எண் 241, தொகை 4,500. இரண்டுக்கும் பணம் போகவில்லை. போதாததற்கு, 218க்குப் பணம் கேட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் வேறு. உடனே கவனிக்கச் சொல்லியிருக்கிறதே என்று அவர் இரண்டையும் ஒப்புதலுக்கு அனுப்புகிறார். 10,900 போகிறது. போக வேண்டியது 4,500.

நடந்தது இதுதான். 218இல் விற்ற நிறுவனம் மற்ற சாமான்களோடு இரண்டு உருளைகள் என்று போட்டிருந்தது, வந்தது ஒன்று. ஓர் உருளை 1,900. பழைய எழுத்தர் தொலைபேசியில் சொன்னதும், அதைக் கழித்து 241 என்று புதுப் பில் அனுப்பினார்கள். பழைய பில்லை ரத்து செய்ததாக எழுத்தில் யாரும் தரவில்லை. அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கே அது தெரியாது, அதனால்தான் நினைவூட்டு வந்தது.

இதையே இப்படி எழுதியிருக்கலாம்:

*"நகல் இயந்திர மை உருளை, கோப்பு 37. பில் 241 (4,500) மட்டும் செல்லும். 218 (6,400) தவறான பில்: இரண்டு உருளை என்று போட்டிருக்கிறார்கள், வந்தது ஒன்று. 12ஆம் தேதி தொலைபேசியில் சொல்லி 241 வாங்கினேன். 218 ரத்து என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. இப்போது பந்து அவர்கள் பக்கம். 25ஆம் தேதி வரை வராவிட்டால் கடிதம் எழுதவும், வரைவு கோப்பின் கடைசியில் இருக்கிறது. ரத்துக் கடிதம் வரும்வரை 241க்கும் பணம் அனுப்ப வேண்டாம். 218க்கு நினைவூட்டு வந்தால் பதற வேண்டாம்."*

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் இதைப் படித்தவர் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டியதில்லை. இதில் ஐந்து விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள்: எது, கடைசியாக என்ன நடந்தது, இப்போது யார் பதில் சொல்ல வேண்டும், அடுத்து என்ன, எந்தத் தேதி வரை காத்திருக்கலாம். ஒவ்வொரு நிலுவைக்கும் இந்த ஐந்தும் வேண்டும். கடைசி இரண்டைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

"உடனே", "விரைவில்", "வழக்கம்போல்" என்ற மூன்று சொற்களையும் அடித்துவிட்டுத் தேதியும் செயலும் எழுதுங்கள். உங்களுடைய வழக்கம் புதியவருக்குத் தெரிந்திருந்தால் இந்தக் குறிப்பே தேவையில்லை.

கூடவே, வாய்மொழியாக நின்ற ஒப்பந்தங்களை இப்போதே தாளுக்குக் கொண்டு வாருங்கள். "நாம் 12ஆம் தேதி பேசியபடி" என்று தொடங்கி ஒரு சிறு கடிதமோ மின்னஞ்சலோ போட்டுக் கோப்பில் ஒரு நகலை வையுங்கள். நீங்கள் போன பிறகு எதிர்த் தரப்பு "அப்படி எதுவும் பேசவில்லையே" என்று சொன்னால் புதியவரிடம் பதிலே இருக்காது.

5. தேதிப் பட்டியலில் தொடங்கும் நாளை எழுதுங்கள்

மாத அறிக்கை 10ஆம் தேதி போக வேண்டும் என்று எழுதிவைத்தால் புதியவர் 9ஆம் தேதி அதைப் பார்ப்பார். அது அவர் குற்றமில்லை.

அறிக்கைக்கு மூன்று பிரிவுகளிலிருந்து கணக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிரிவுகள் கேட்ட மறுநாளே தரும். மூன்றாவது, நான்கு நாளாவது எடுக்கும். வந்ததைச் சேர்த்துச் சரிபார்க்க ஒரு நாள். மேலதிகாரி கையெழுத்துக்கு இரண்டு நாள். ஆக ஏழு நாள் போகிறது. 3ஆம் தேதி கேட்டால் சரியாக வரும், ஆனால் இடையில் ஒரு விடுமுறை வந்தால் தவறிவிடும். பட்டியலில் எழுத வேண்டியது இதுதான்: "1ஆம் தேதி மூன்று பிரிவுக்கும் கடிதம். 4ஆம் தேதி மூன்றாம் பிரிவுக்கு நேரில் போய் ஒருமுறை கேட்கவும். 7ஆம் தேதி சரிபார்ப்பு. 8ஆம் தேதி கையெழுத்துக்கு வைக்கவும். 10ஆம் தேதி அனுப்பவும்."

ஆண்டு வேலைகளையும் இதே மாதிரி பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதுங்கள். உங்கள் காலத்தில் தாமதமாகிப்போன ஒன்று இருந்தால் அதை மறைக்காமல் எழுதுவது நல்லது. நான் ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறந்து, அந்த இடைவெளியில் இயந்திரம் பழுதாகி, செலவு தனியாக வந்தது. "முடிவதற்கு 45 நாள் முன்பே தொடங்கவும், நான் 10 நாளில் முயன்று தவறவிட்டேன்" என்று எழுதிவைத்தேன். எனக்குப் பின் வந்தவருக்கு ஞாபகம் நின்ற வரி அதுதானாம்.

6. சில்லறைப் பணத்தை எண்ணி, இருவர் முன்னிலையில் எழுதுங்கள்

எல்லா மேசைக்கும் இது இருக்காது. உங்களிடம் சில்லறைச் செலவுப் பெட்டி இருந்தால் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

நிரந்தர முன்பணமாக ஒரு தொகையை வைத்துக்கொண்டு, செலவானதை மட்டும் வவுச்சரைக் காட்டித் திரும்ப வாங்கும் முறையில் ஒரே ஒரு விதிதான். கையிலிருக்கும் காசும், திரும்ப வாங்காத வவுச்சர்களும் சேர்ந்தால் எப்போதும் அந்த நிரந்தரத் தொகை வர வேண்டும்.

முன்பணம் 5,000 என்போம். பெட்டியில் காசு 1,860. வவுச்சர்கள் 2,840. கூட்டினால் 4,700. 300 எங்கே? ஒருவருக்கு வெளிவேலைக்குப் போக 300 கொடுத்தீர்கள், அவர் இன்னும் ரசீது தரவில்லை. உங்களுக்கு இது நினைவில் இருப்பதால் பயமில்லை. புதியவர் எண்ணும்போது 300 குறையும். அதை அவர் தன் கைக்காசிலிருந்து போடுவார், அல்லது நீங்கள் எடுத்துவிட்டதாக நினைப்பார். இரண்டுமே மோசம்.

எனவே கிளம்புவதற்கு முன் கையில் கொடுத்து வைத்த எல்லாவற்றையும் வசூலியுங்கள். முடியாததற்கு வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு சீட்டு போட்டுப் பெட்டியில் வையுங்கள். 1,860, 2,840, 300 என்று மூன்று வரி எழுதி, கூட்டி, எண்ணியவர் இருவரும் கையெழுத்திடுங்கள். முடிந்தால் அந்த வவுச்சர்களுக்கு உண்டான 2,840ஐக் கிளம்பும் முன்பே திரும்ப வாங்கிவிடுங்கள். அப்போது பெட்டியில் 4,700 காசும் ஒரு சீட்டும்தான் இருக்கும், புதியவர் எண்ணுவதும் எளிது.

உண்மையாகவே குறைந்தால்? சத்தமில்லாமல் உங்கள் பணத்தைப் போட்டுச் சரிசெய்யாதீர்கள். குறைகிறது என்று எழுதி அதிகாரியிடம் சொல்லுங்கள். உங்கள் பணத்தைப் போட்டிருந்து, பிறகு எப்போதாவது விட்டுப்போன ரசீது கிடைத்தால், பெட்டியில் காசு கூடுதலாக இருப்பதற்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

7. ஆட்களைப் பற்றி எழுதும்போது செயலை மட்டும் எழுதுங்கள்

"இவர் சோம்பேறி, மின்னஞ்சலுக்குப் பதிலே போடமாட்டார்" என்று எழுதத் தோன்றும். அதே செய்தியை "இவருக்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு தொலைபேசியிலும் சொல்லவும், காலை பதினொரு மணிக்கு முன் கிடைப்பார்" என்று எழுதினால் புதியவருக்குப் பயன்படும். அந்தத் தாள் அவர் கண்ணிலேயே பட்டாலும் பிரச்சினை இல்லை. டிராயரில் இருக்கும் தாள் ஒருநாள் சம்பந்தப்பட்டவர் கைக்குப் போயே தீரும், எழுதும்போது அதை மறக்க வேண்டாம்.

பதவியை எழுதுங்கள், பெயரை அடைப்புக்குள் போடுங்கள். ஆள் மாறினாலும் வேலை அந்தப் பதவியோடு நிற்கும்.

8. விவரம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்

பக்கத்து மேசைக்காரர் உதவ மாட்டார். அவருக்கு உங்கள் வேலை பாதி தெரியும், ஓட்டைகளை அவரே மனதில் நிரப்பிக்கொள்வார். வேறு பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, குறிப்பை மட்டும் கையில் கொடுத்து, "கோப்பு 37ஐ எடுத்து எந்தப் பில் செல்லும் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, இது பேசுவதைவிடக் கஷ்டம்.

அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் ஒரு ஓட்டை. என்னைச் சோதித்தவர் கேட்ட முதல் கேள்வி, "37 எந்த பீரோவில்?" என்பது. எண்ணை எழுதியிருந்தேன், இடத்தை எழுதவில்லை. எனக்கு அது இடது பீரோ, இரண்டாம் தட்டு என்று கைக்கே தெரியும்.

பதில்களை வாயால் சொல்லி முடித்துவிடாமல் அங்கேயே குறிப்பில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

9. வைக்கும் இடமும் கடைசி நாள் திருத்தமும்

அச்செடுத்து, ஓரத்தில் குத்தி, மேல் டிராயரில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். கணினியில் மட்டும் வைத்தால், புதியவருக்குக் கணக்கு கிடைக்கும் வரை அதைத் திறக்க முடியாது, குறிப்பு அதிகம் தேவைப்படும் நாட்கள் அவைதான். ஒரு பிரதியை மேலதிகாரியிடம் கொடுங்கள், டிராயரில் குறிப்பு இருப்பதை இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். டிராயரைப் பூட்டி, "சாவி பீரோவின் பின்னால் தொங்குகிறது" என்ற விவரத்தை அந்த டிராயருக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டுப் போனவரை எனக்குத் தெரியும். பூட்டை உடைத்த பிறகு எல்லோரும் அந்த வரியைச் சேர்ந்து படித்தோம்.

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி போடுங்கள். தேதிப் பட்டியல் ஓராண்டுக்குச் செல்லும். நிலுவைப் பக்கம் இரண்டு வாரத்திலேயே பழசாகிவிடும். அதனால் அதைத் தனித் தாளில் வைத்து, "இது இன்ன தேதி மாலை நிலவரம்" என்று தலைப்பிடுங்கள். பில்லைத் தேடி இதைப் புரட்டும் ஒருவர் ஆறு மாதம் கழித்தும் ஏமாறாமல் இருப்பார்.

கடைசி நாள் மாலை, பிரிவுபசாரம் எல்லாம் முடிவதற்குள், நிலுவைத் தாளை மட்டும் எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அன்று காலைத் தபாலில் 218 ரத்து என்ற கடிதம் வந்திருக்கலாம். வந்திருந்தால் அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்து, "வந்தது, கோப்பில் உள்ளது. 241க்குப் பணம் அனுப்பலாம்" என்று பக்கத்தில் எழுதி, அன்றைய தேதி போட்டு, டிராயரை மூடுங்கள்.